அரை மணிக்குள் முடியும் படங்கள்: நீண்ட மருத்துவமனை வாசத்திற்கு ஒரு தேர்வு முறை

அக்யூட் மைலாய்ட் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் சுற்றுச் சிகிச்சை தொடங்கினால், நோயாளி ஏறக்குறைய நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வேண்டியிருக்கும். வழக்கமான முறையில் ஏழு நாள் சைட்டரபின் மருந்து இரவும் பகலும் டிரிப்பில் ஏறும். அவற்றுள் மூன்று நாள் டானோரூபிசின் போன்ற மருந்து ஒன்றும் சேரும். மருந்து முடிந்ததும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரியும். வார்டில் இதைக் 'கவுண்ட் இறங்கிவிட்டது' என்பார்கள். கவுண்ட் மறுபடி ஏறும்வரை நோயாளி அறையை விட்டு வெளியே வர முடியாது. பார்க்க வருபவர்களுக்கும் அனுமதி மிகக் குறைவு.

இந்த நான்கு வாரத்திற்குப் படங்கள் தேர்ந்தெடுத்துத் தரும் வேலையை, மயிலாப்பூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்காகச் செய்தேன். அவர் மந்தைவெளிக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். அடையாறிலிருந்து வந்த தங்கை பகலில் உடனிருந்தார், இரவில் மகன் வந்தார். வேலை நடந்த வரிசையிலேயே படிகளைத் தருகிறேன். வேறு நோய்க்கும் வேறு வார்டுக்கும் மருந்துகளும் நேரங்களும் மாறும். படிகளின் வரிசை மாறத் தேவையில்லை.

முதல் படி: வார்டின் நாளை எழுதுதல்

படத்தைத் தேடுமுன் நேரத்தைத் தேட வேண்டும். ஒரு தாளில் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை கோடு போட்டு, அறைக்குள் யார் எப்போது வருகிறார்கள் என்று தங்கையை இரண்டு நாள் குறிக்கச் சொன்னேன். விடியற்காலையில் ரத்தம் எடுக்க வருவார்கள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றைச் செவிலியர் நான்கு மணிக்கொரு முறை பார்ப்பார். 9 மணிக்கு மேல் டாக்டர் ரவுண்ட்ஸ். இடையிடையே மாத்திரை, உணவு, அறையைத் துடைப்பவர், டிரிப் பாட்டில் மாற்றுபவர். இவற்றைக் கழித்தபின் மூன்று இடைவெளிகள்தாம் மிஞ்சின: முற்பகல் 11:30-ஐ ஒட்டி ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று, இரவு 7:30-க்கு ஒன்று. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் அளவு.

முக்கால் மணி இருக்கிறதே என்று 40 நிமிடப் படத்தை அதில் வைக்கக் கூடாது. கழிவறைக்குப் போய் வருவது, பம்ப்பின் ஒலிப்பு, திடீரென்று எட்டிப் பார்க்கும் இளநிலை மருத்துவர் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். இடைவெளியில் பாதிதான் படத்தின் நீளம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் படம் முழுதாக முடியும். முக்கால் மணிக்கு 20 நிமிடம், எப்போதாவது 25.

இவற்றைத் தவிர இன்னொரு நல்ல இடைவெளி ரத்தம் ஏற்றும் நேரம். ஒரு யூனிட் சிவப்பணு ஏற இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். தட்டணு அதைவிட விரைவில் ஏறிவிடும். அந்த நேரம் பெரும்பாலும் கட்டிலிலேயே இருக்க வேண்டியிருக்கும் என்பதால் படத்துக்கு ஏற்ற வேளைதான். ஆனால் ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று முதல் 15 நிமிடம் செவிலியர் கூர்ந்து கவனிப்பார். அந்தக் கால் மணி நேரத்தில் திரையைத் திறக்கவே கூடாது. குளிரோ நடுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் நோயாளி உடனே சொல்ல வேண்டும். படத்தில் ஆழ்ந்திருப்பவர் சொல்லத் தாமதிப்பார். ரத்தத்துக்கு முன் ஏவில் ஊசி போட்டிருந்தால் தூக்கம் சொக்கும் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: கவனத்தின் நீளத்தை அளத்தல்

நேரம் கிடைத்தாலும் கவனம் அவ்வளவு நேரம் நிற்க வேண்டுமே. சிகிச்சைச் சோர்வில் படிக்கும் பழக்கமுள்ளவர்கூட ஒரு பத்தியை இரண்டு முறை படிப்பார். இதை அளக்க எளிய வழி உண்டு. வசனமில்லாத ஆறேழு நிமிடப் படம் ஒன்றை ஓடவிட்டு, திரையைப் பாராமல் நோயாளியின் கண்களைப் பார்க்க வேண்டும். பார்வை திரையை விட்டுச் சுவருக்கோ டிரிப்புக்கோ போய் அங்கேயே நின்றுவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அன்றைய அளவு அதுதான்.

ஆசிரியைக்கு முதல் வாரத்தில் இது 20 நிமிடத்துக்கு மேல் நின்றது. கவுண்ட் இறங்கிக் காய்ச்சல் வந்த இரண்டாம் வாரத்தில் ஐந்தாறு நிமிடமாகச் சுருங்கியது. மூன்றாம் வாரக் கடைசியில் மெல்ல நீண்டது. ஆகவே, ஒரே பட்டியல் நான்கு வாரத்துக்கும் போதாது. மூன்று நீளங்களில் மூன்று கட்டுகள் தேவை என்பது இந்த அளவிலிருந்துதான் தெரிந்தது.

மூன்றாம் படி: விலக்க வேண்டியவற்றை எழுதுதல்

நல்ல படங்களின் பட்டியலுக்கு முன் விலக்குப் பட்டியல் எழுதப்பட வேண்டும். இது நோயாளிக்கு நோயாளி மாறும். ஆசிரியைக்கு நான் எழுதியவை ஐந்து: மருத்துவமனைக் காட்சி, மரணம் அல்லது பிரிவில் முடியும் கதை, சமையலும் சாப்பாடும் நிறைந்த காட்சி, வேகமாக மின்னி மறையும் படிமம், திடீர்ப் பேரொலி.

சாப்பாட்டுக்குக் காரணம், மருந்தின் குமட்டலும் அதன்பின் வரும் வாய்ப்புண்ணும். எண்ணெய் கொதிக்கும் காட்சியே வயிற்றைப் புரட்டும். மின்னலுக்குக் காரணம் கண்கூச்சமும் தலைவலியும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் படிமங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களை அமைப்போருக்கான பொது விதி. வலிப்பு வந்த வரலாறு உள்ளவருக்கு அதை மீறவே கூடாது. கனடாவின் நார்மன் மக்லாரன் கறுப்புப் பிலிமைக் கீறி உருவாக்கிய 'பிளிங்கிட்டி பிளாங்க்' (1955) கலையில் உயர்ந்த படம். ஆனால் படம் முழுவதும் இருளில் மின்னும் கீற்றுகள்தாம் என்பதால் வார்டுக்கு உதவாது.

வயிற்றில் அறுவை முடித்தவருக்கு ஆறாவதாக ஒன்று சேரும்: குலுங்கிச் சிரிக்க வைக்கும் படம். தையல் ஆறும்வரை சிரிப்பும் இருமலும் ஒரே மாதிரி வலிக்கும். லாரல்–ஹார்டி பியானோவைப் படிக்கட்டில் ஏற்றும் 'மியூசிக் பாக்ஸ்' (1932) 29 நிமிடமும் மென்மையான படந்தான். அந்த நிலையில் மட்டும் அது ஆகாது.

நான்காம் படி: ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பார்த்தல்

வேலையின் பெரும்பகுதி இந்தப் படிதான். படத்தின் சுருக்கத்தைப் படித்தோ, எப்போதோ பார்த்த நினைவை வைத்தோ எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நினைவில் நிற்பது படத்தின் சுவை; நமக்கு வேண்டியது அதன் சில நொடிகள். பிக்ஸார் நிறுவனத்தின் 'கெரீஸ் கேம்' (1997) என்றால், பூங்காவில் தன்னோடு தானே சதுரங்கம் ஆடும் தாத்தாதான் நினைவுக்கு வருவார். ஆட்டத்தின் நடுவே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாரடைப்பு வந்தவர்போல் நடிப்பது பலருக்கு நினைவிராது. இதய வார்டில் அந்த ஒரு கணம் போதும். 'தி ஸ்னோமேன்' (1982) சிறுவனும் பனி மனிதனும் வானில் பறக்கும் படமாக நினைவில் நிற்கும். கடைசிக் காட்சியில் பனி மனிதன் உருகிப்போயிருக்கிறான்.

எனவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அரைத்தாள். அதில் ஐந்து வரி: உண்மையான நீளம், வசனம் உண்டா, ஒலியின் ஏற்ற இறக்கம், முடிவு, நடுவில் நிறுத்தக்கூடிய இடம். 'கிளாஸ்' என்ற டச்சுப் படத்துக்கு எழுதியதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-இல் எடுத்த ஆவணப்படம் இது. ஆஸ்கர் விருது பெற்றது. நீளம் 11 நிமிடத்துக்குள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. ஜாஸ் இசை உண்டு. முதல் பகுதியில் லேர்டாம் தொழிற்சாலையில் கண்ணாடி ஊதுபவர்கள் கன்னம் புடைக்க ஊதி, உருகிய கண்ணாடியைக் குழாயின் நுனியில் உருட்டிக் குடுவையாகவும் கிண்ணமாகவும் ஆக்குகிறார்கள். ஒவ்வொருவரும் மூச்சுவிடும் தாளத்தில் இசையும் நகர்கிறது. பிறகு இயந்திரம் வருகிறது, பாட்டில்கள் வரிசையாக நகர்கின்றன. அங்கே கழுத்து உடைந்த பாட்டில் ஒன்றை இயந்திரக் கை பிடிக்க முடியாமல் போக, பின்னால் வருபவை ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சிதறுகின்றன. சில நொடிகள் நீடிக்கும் இந்தக் கண்ணாடி உடையும் ஓசைதான் படத்தின் ஒரே இடர். தாளில் 'இயந்திரப் பகுதி வந்ததும் ஒலியைப் பாதியாகக் குறைக்க' என்று எழுதினேன். முடிவில் இழப்பு ஏதும் இல்லை. நிறுத்தக்கூடிய இடம், கையால் ஊதும் பகுதி முடிந்து இயந்திரம் தொடங்கும் இடம். இவ்வளவும் தெரிந்தபின் படம் தேர்வானது.

இப்படிப் பார்க்கும்போது வார்டின் நிலைமையிலேயே பார்ப்பது நல்லது: அதே கைப்பேசி, அதே தூரம், பாதி ஒலி. பெரிய டிவியில் தெளிவாகத் தெரிந்த அடித்தலைப்பு எழுத்து, ஒன்றரை அடி தூரத்துக் கைப்பேசியில் எறும்பு வரிசையாகிவிடும். வெள்ளெழுத்துள்ளவர் கண்ணாடியை எடுத்து மாட்டியாக வேண்டும். காதொலிப்பானும் கண்ணாடிக் கம்பியும் சேர்ந்து காதை அழுத்தும். வசனமில்லாத படங்களுக்கும், தமிழிலேயே பேசும் படங்களுக்கும் முதலிடம் தரக் காரணம் இதுதான். சென்னைப் புற்றுநோய் வார்டுகளுக்கு ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். அடுத்த கட்டிலில் இருப்பவரோடு பகிர்ந்து பார்க்கவும் வசனமற்ற படமே கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: கட்டுகளாகப் பிரித்தல்

தேறிய படங்களைச் சிகிச்சையின் மூன்று கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்தேன்.

முதல் கட்டு, மருந்து ஏறும் ஏழு நாளுக்கு. உடலில் இன்னும் தெம்பு இருக்கும், ஆனால் டிரிப்போடு கட்டுண்ட நிலை. பத்து முதல் முப்பது நிமிடப் படங்கள்; 25 நிமிடத்தைத் தாண்டுபவை ரத்தம் ஏற்றும் வேளைக்கோ இரண்டு தவணைக்கோ. 'கிளாஸ்' இதில் ஒன்று. அடுத்தது 'எ சேரி டேல்' (1957): உட்கார விடாமல் அடம்பிடிக்கும் நாற்காலிக்கும் ஒரு மனிதனுக்கும் இடையே 10 நிமிடப் போராட்டம்; வசனமே இல்லை. ரவிசங்கரின் சிதாரும் சதுர்லாலின் தபலாவும்தான் பேச்சு. மூன்றாவது 'தி ரெயில்ராடர்' (1965). பஸ்டர் கீட்டன் ஒரு சிறு டிராலி வண்டியில் கனடாவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குத் தண்டவாளத்திலேயே போகிறார், 25 நிமிடம். அறைக்குள் அடைபட்டவருக்கு மலையும் வயலும் நதியும் கடந்துபோகும். இந்தக் கனடாப் படங்கள் இரண்டையும் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் nfb.ca தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நான்காவது சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' (1976). தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்த, பாலசரஸ்வதி பற்றிய ஏறத்தாழ அரை மணி நேர ஆவணப்படம். ஆங்கில விவரணை உண்டு. ஆயினும் மயிலாப்பூர் சபாக்களில் வளர்ந்த காதுக்கு விவரணையை விட்டுவிட்டுப் பாட்டையும் அபிநயத்தையும் பின்பற்றத் தெரியும். கடற்கரையில் அவர் ஆடும் பகுதியில் நிறுத்தினால் அதுவே தனிப் படமாக நிறைவு பெறும்.

இரண்டாம் கட்டு, கவுண்ட் இறங்கிய நாட்களுக்கு. காய்ச்சல், வாய்ப்புண், சோர்வு. மூன்று முதல் ஏழு நிமிடம். அதற்கு மேல் எதுவும் இல்லை. அலைக்கு அஞ்சும் உள்ளான் குஞ்சு ஒன்று கிளிஞ்சல் தேடக் கற்றுக்கொள்ளும் 'பைப்பர்' (2016) 6 நிமிடம். தாத்தாவும் அப்பாவும் பேரனும் நிலவில் ஏறி விழுந்த நட்சத்திரங்களைப் பெருக்கும் 'லா லூனா' (2011) 7 நிமிடம். நதியில் மிதக்கும் மரங்களின் மேல் நடனமாடும் 'லாக் டிரைவர்ஸ் வால்ட்ஸ்' (1979) 3 நிமிடம். இந்தக் கட்டில் புதுமை தேவையில்லை. பார்த்த படத்தையே மறுநாளும் போடலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது காய்ச்சல்காரருக்குச் சிரமத்தைக் குறைக்கும்.

மூன்றாம் கட்டு, கவுண்ட் ஏறும் நாட்களுக்கு. இங்கே கதையும் வசனமும் வரலாம். 'மியூசிக் பாக்ஸ்' இங்கே வந்தது. தமிழில், ஹலிதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி' (2019) நான்கு தனிக் கதைகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் அளவு என்பதால் வெட்டிப் பார்க்க வசதியானது. லீலா சாம்சன் நடித்த, முதுமையில் அரும்பும் நட்பைச் சொல்லும் 'டர்டில்ஸ்' கதையை எடுத்துக்கொண்டேன். அதே படத்தின் 'காக்கா கடி' கதையில் திருமணத்துக்கு நிற்கும் இளைஞனுக்குப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. அதை நானாகப் போடவில்லை. இப்படி ஒரு கதையும் இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லி, ஆசிரியையே கேட்டால் காட்டலாம் என்று குறித்து வைத்தேன். விலக்குப் பட்டியல் நோயாளிக்காகத்தான். அவரே நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும்.

ஆறாம் படி: உடனிருப்பவருக்குத் தனிக் கட்டு

உடனிருப்பவரின் தேவை வேறு. நோயாளி தூங்கும்போதுதான் அவருக்கு நேரம்; அப்போதும் ஒரு காது அறையில் இருக்க வேண்டும். எனவே அவர் படத்துக்கு நீளத்தைவிட முக்கியமான சோதனை, எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு எழ முடிகிறதா என்பது. முடிச்சு அவிழக் காத்திருக்க வைக்கும் கதை இதில் தோற்கும். இளம் இயக்குநர்களின் தமிழ்க் குறும்படங்கள் பல கடைசி நிமிடத் திருப்பத்தை நம்பியே எடுக்கப்படுவதால் இந்தச் சோதனையில் நிற்பதில்லை. கைவேலை காட்டும் ஆவணப்படங்கள் நன்றாகத் தேறும்.

'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' (2022) தமிழ் பேசும் 40 நிமிடப் படம். தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்னும் யானைக்குட்டியை வளர்ப்பதைச் சொல்வது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பெற்றது. ஆனால் வளர்த்த குட்டி அவர்கள் கையை விட்டுப் போகிறது. பெள்ளி தன் வாழ்வில் இழந்தவர்களும் அதில் வருகிறார்கள். பராமரிப்பில் களைத்தவர் இதைப் பார்த்தால் அழுவார். அழுவது அவருக்கு நல்லதாகவும் இருக்கலாம். அதனால் இதைப் படுக்கையருகே பார்க்கும் தொகுப்பில் சேர்க்காமல், மகன் வந்து பொறுப்பேற்றபின் வீட்டில் பார்க்க என்று தங்கைக்குக் குறித்துத் தந்தேன்.

ஏழாம் படி: கருவியைத் தயார் செய்தல்

வார்டில் சிக்னலை நம்ப முடியாது. இறக்கிவைக்க வசதி தரும் செயலிகளில் படங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கிய படத்துக்கும் காலாவதி உண்டு. சிலவற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். ஆகவே இறக்கியபின் சரிபார்க்கிறேன் என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. விமான முறையில் போட்டு, பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

பத்து அங்குல டேப்லெட் இருந்தால் நல்லது. கையில் பிடித்துப் பார்ப்பது ஐந்து நிமிடத்தில் தோளை வலிக்கச் செய்யும். தி. நகர் பாண்டி பஜாரில் கிடைக்கும் மடக்குத் தாங்கியை, கட்டிலின் குறுக்கே நிற்கும் சக்கர மேசையில் வைத்தால் கை ஓய்வாக இருக்கும். தலையணைப் பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும்.

கம்பியுள்ள காதொலிப்பான் என்றால், டிரிப் ஏறும் கைக்கு எதிர்ப்பக்கமாகக் கம்பி வர வேண்டும். இரண்டு கம்பிகளும் பின்னிக்கொண்டால் எழும்போது ஊசி இழுபடும். ஒரு காதில் மட்டும் மாட்டினால் செவிலியரின் குரலும் பம்ப் ஒலிப்பும் கேட்கும். கவுண்ட் குறைந்த நாட்களில் காதொலிப்பானை வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது. திரையையும் தாங்கியையும் காதொலிப்பானையும் ஒவ்வொரு முறையும் 70 விழுக்காடு ஆல்கஹால் தாளால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் கொடுக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

எட்டாம் படி: ஓட்டுதல், நிறுத்துதல், குறித்தல்

படம் தொடங்குமுன் அதன் நீளத்தை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். "பத்து நிமிஷந்தான் அக்கா" என்று தங்கை சொல்லும்போது, எப்போது முடியும் என்று தெரிந்து ஆசிரியை நிமிர்ந்து உட்காருவார். நடுவில் "பிடிச்சிருக்கா?" என்று கேட்பது பயன் தராது, அன்புக்காகப் பிடித்திருக்கிறது என்றே பதில் வரும். "போதுமா அக்கா?" என்று கேட்டால் உண்மை வரும். ஆம் என்றால் உடனே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு நிமிடந்தானே என்று இழுக்கக் கூடாது. இரவு 8:30-க்கு மேல் திரை வேண்டாம். குமட்டலுக்காக டெக்ஸாமெதசோன் தந்திருந்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். திரை வெளிச்சமும் அதோடு சேர வேண்டியதில்லை.

முடிந்ததும் அரைத்தாளின் பின்புறம் மூன்று குறிப்பு: தேதி, எந்த நிமிடம்வரை ஓடியது, ஏன் நின்றது. மூன்றாவதுதான் பயனுள்ளது. ஆசிரியையிடம் 'தி ரெயில்ராடர்' 14-ஆம் நிமிடத்தில் நின்றது. காரணம் 'பம்ப் ஒலித்தது'. படத்தின் குறையல்ல என்பதால் மறுநாள் அங்கிருந்தே தொடர்ந்தது. 'பாலா' ஒரு நாள் ஐந்தாம் நிமிடத்தில் நின்றது. காரணம் 'ஆங்கிலம் கேட்க அலுப்பு'. அது நடனப் பகுதிகளுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. ஒரே காரணம் இரண்டு முறை வந்தால் அது விலக்குப் பட்டியலில் ஏறும்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

அரைத்தாள்களை ஒரு கிளிப்பில் சேர்த்து டேப்லெட் உறைக்குள் வைத்தோம். மாலையில் தங்கை கிளம்பி மகன் வரும்போது தாளும் கை மாறும். இரவுக்காரர் பகலில் நின்ற நிமிடத்திலிருந்து தொடரலாம். நோய் கட்டுக்குள் வந்தபின் அடுத்த சுற்று மருந்துக்கு நோயாளி சில நாட்களுக்கு மறுபடி சேர்க்கப்படுவார். அப்போது வார்டின் நேரங்களை மட்டும் புதிதாகக் குறித்துக்கொண்டு, கவனத்தை ஒருமுறை அளந்துவிட்டு, நேரே ஐந்தாம் படியிலிருந்து தொடங்கலாம். எந்தப் படம் எந்த நாளுக்கு என்பதற்கு நோயாளியின் கண்களே எழுதிய கணக்கு அதற்குள் கையில் இருக்கும்.